துடைக்கும் முன் அந்தப் புள்ளியைப் பாருங்கள்

புதுக் கண்ணாடி போட்ட மூன்று நாளும் தலைவலி. எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. கடைக்குத் திரும்பப் போனேன். அங்கிருந்த அண்ணன் லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் -4.00, சீட்டில் இருந்தபடியே. "பவர் சரிதானே சார்" என்றார்.

அப்புறம் கருவியின் குறி நடுவில் வரும்வரை லென்ஸை நகர்த்தி, மை வைத்தார். மூன்று புள்ளிகள் விழும். நடுப்புள்ளிதான் லென்ஸின் ஒளி மையம். இரு லென்ஸ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஸ்கேல் வைத்தால் 67 மி.மீ. சீட்டில் என் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம், அதாவது பி.டி., 62. அண்ணன் பேசவில்லை.

பக்கத்துக்கு 2.5 மி.மீ. விலகல். அதை சென்டிமீட்டராக்கி பவரால் பெருக்கினால், 0.25 × 4 = 1 பிரிசம் டயாப்டர்; மையம் விலகிய லென்ஸ் ஒளியை எவ்வளவு பக்கவாட்டில் வளைக்கிறது என்பதன் அளவு அது. இரண்டு பக்கமும் சேர்ந்து 2. மைனஸ் லென்ஸில் மையம் வெளிப்பக்கம் தள்ளிப்போனால், தூரத்தைப் பார்க்கும்போதே கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும். அது கண்ணுக்கு வராத வேலை. பவர் -1 என்றால் இதே 5 மி.மீ. அரை பிரிசம்தான், பெரும்பாலும் தெரியாது.

வாங்கும்போது மை வைக்கச் சொல்லி, துடைக்கும் முன் நீங்களே அளந்து பாருங்கள். சீட்டில் பி.டி. இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாக வரும் புரோகிரஸிவ் லென்ஸுக்கு இந்த அளவு பொருந்தாது, அதன் குறிகள் வேறு.

எனக்கு லென்ஸ் மாற்றித் தந்தார்கள். ஸ்கேல் மட்டும் என்னுடையது.