அந்தப் பதினாலு மார்க்

எங்கள் கல்லூரியின் கட்டணச் சலுகைப் பட்டியலை எப்போது நினைத்தாலும், இரண்டாவது தேர்வின் கடைசி வரியில் இருக்கும் 14 தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அந்த மார்க்கை வாங்கிய பையனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. காய்ச்சலோடு வந்தான், அரை மணி நேரம் எழுதினான், முடியவில்லை என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நஷ்டம் அவனுக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்து எழுதிய ஒரு பெண்ணுக்கு.

சலுகைக்குப் போட்டி எழுபது பேர், மூன்று இடம். ஒரே நாளில் ஒரே தாளை வைத்து முடித்திருந்தால் என்னிடம் வேலையே இல்லை. ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து கொட்டிய மழையில் ஐம்பது பேர்தான் வந்து சேர்ந்தார்கள். மீதி இருபது பேருக்கு அடுத்த வாரம் வேறு தாள். அதை வேறொருவர் அவசரமாகத் தயாரித்தார். கொஞ்சம் கடினமாகவே அமைந்துவிட்டது. முதல் தாளில் சராசரி 58, மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் 12. இரண்டாவதில் சராசரி 46, திட்ட விலக்கம் 9. முதல் தாளில் 82 வாங்கிய பையனையும் இரண்டாவதில் 62 வாங்கிய பெண்ணையும் மார்க்கை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டு தாள் என்றாலே இந்தச் சிக்கல் வரும் என்பதால்தான் முன்கூட்டியே என்னிடம் வந்தது. துறையில் புள்ளியியல் எடுப்பவன் நான் ஒருவன்தான்.

இசட் ஸ்கோர் போடலாம் என்றேன். மார்க் தெரிவதற்கு முன்பே, இரண்டாவது தேர்வுக்கு முந்தைய நாளே அதை எழுத்தில் கொடுத்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியாயிற்று. கணக்கு எளியதுதான். ஒருவர் தன் தேர்வின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்று பார்த்து, அந்தத் தூரத்தை அந்தத் தேர்வின் திட்ட விலக்கத்தால் வகுப்பது. இரண்டாவது தேர்வின் இருபது பேருக்கு எக்ஸெலில் ஒரே வரி:

```
=(C2-AVERAGE(C$2:C$21))/STDEV.P(C$2:C$21)
```

82 வாங்கியவன் சராசரிக்கு மேல் 24 மார்க். 12-ஆல் வகுத்தால் 2.0. அந்தப் பெண் சராசரிக்கு மேல் 16. 9-ஆல் வகுத்தால் 1.78. முதல் தேர்வில் இவனுக்கு மேலே 91-ம் 86-ம் வாங்கிய இருவர் இருந்தார்கள், அவர்களுக்கு 2.75, 2.33. ஆக, மூன்று இடமும் முதல் தேர்வு எழுதியவர்களுக்கே போயிற்று. தன் தேர்வில் முதலாவதாக வந்த பெண்ணுக்கு இடமில்லை.

பட்டியலைப் பார்த்ததும் பக்கத்து அறை மேடம் கேட்டார்: "இருபது பேர்ல ஃபர்ஸ்ட் வந்தவளை விட அம்பது பேர்ல மூணாவது வந்தவன் எப்படி சார் மேல?" நியாயமான கேள்வி. பர்சென்டைல் ரேங்க் போட்டால் அவர் சொல்வதுதான் வரும். தனக்குக் கீழே உள்ளவர்களை எண்ணி, தன்னைப் பாதியாகச் சேர்த்து, மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 91-க்கு 99, இந்தப் பெண்ணுக்கு 97.5, 86-க்கு 97, 82-க்கு 95. அவள் இரண்டாவது இடத்துக்கு ஏறுகிறாள், பையன் வெளியே போகிறான். ஒரே மார்க், இரண்டு கணக்கு, இரண்டு பட்டியல். மேடத்திடம் நான் சொன்னது, "இசட் ஸ்கோர்னு நோட்டீஸ் போட்டாச்சு மேடம்."

அப்புறம் அந்தப் பெண்ணே வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு தாளில் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சராசரி எப்படி வந்தது, திட்ட விலக்கம் எப்படி வந்தது எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த 14-ஐ வட்டமிட்டிருந்தாள்.

"சார், இவன் எந்திரிச்சுப் போனதால எனக்கு ஸ்கோர் குறைஞ்சிருக்கா?"

"அவன் மார்க் குறைஞ்சா சராசரி குறையும்மா. சராசரி குறைஞ்சா உனக்கு நல்லதுதானே."

இந்தப் பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பொய் இல்லை. அந்த 14-ஆல் சராசரி 47.7-லிருந்து 46-க்கு இறங்கியது உண்மை. அவளுடைய தூரம் 14.3-லிருந்து 16 ஆகக் கூடியதும் உண்மை. ஆனால் அவள் கேட்டது தூரத்தைப் பற்றி மட்டுமல்ல. கீழே வகுக்கும் எண் என்ன ஆயிற்று என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்று போய்விட்டாள். புரிந்துதான் போனாளா, மரியாதைக்குப் போனாளா, தெரியவில்லை.

அன்று ராத்திரி அந்த ஒரு வரியை மறைத்துவிட்டு மறுபடி போட்டேன். பத்தொன்பது பேரின் திட்ட விலக்கம் 5.34. அவளுடைய இசட் ஸ்கோர் 2.68. முதல் தேர்வின் 86-ஐயும் தாண்டி, மொத்தப் பட்டியலில் இரண்டாவது இடம்.

ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது புள்ளியியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. திட்ட விலக்கத்தில் ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்தித்தான் கூட்டுகிறோம். சராசரியிலிருந்து 32 மார்க் தள்ளி நிற்கும் ஒருவன் 1024-ஐக் கொண்டுவந்து போடுகிறான். இருபது பேருக்கும் சேர்த்து மொத்தமே 1620 தான். அதாவது அந்தத் தேர்வின் 'பரவல்' என்று நான் வகுத்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு ஒரே பையனுடையது. மற்ற பத்தொன்பது பேரும் நெருக்கமாகத்தான் இருந்தார்கள். இவளுக்கு அடுத்தவன் 55. அந்த நெருக்கத்திலிருந்து தனியாக மேலே வந்தவள் இவள். அந்தத் தனிமையை 9 என்ற எண் மறைத்துவிட்டது.

அப்படியென்றால் 14-ஐ எடுத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டால், இப்போதும் என்னால் சட்டென்று ஆமாம் சொல்ல முடியாது. யாருக்குச் சாதகம் என்று தெரிந்தபிறகு ஒரு வரியை நீக்குவது என்பது பட்டியலைக் கையால் எழுதுவதற்குச் சமம். அந்த 82 பையனின் அப்பா வந்து, "அப்ப முதல் தேர்வுல அந்த 91-ஐயும் எடுங்க சார், அதுவும்தான் தனியா நிக்குது" என்றால் என்ன சொல்வேன்? அதையும் போட்டுப் பார்த்தேன். 91-ஐ எடுத்தால் அவன் ஸ்கோர் 2.0-லிருந்து 2.21 ஆகிறது. கூடத்தான் செய்கிறது. ஆனால் ஐம்பது பேரில் ஒருவரை எடுத்தால் 0.2 நகர்கிறது, இருபது பேரில் ஒருவரை எடுத்தால் 0.9 நகர்கிறது. இருபது பேரின் திட்ட விலக்கத்தை இவ்வளவு நம்பியிருக்கக் கூடாது என்று இந்த இரண்டு எண்ணும் சொல்கின்றன. ஆனால் விதியை ஒட்டிய நாளில் எனக்கு அந்தப் பரவல் எப்படி இருக்கும் என்று எங்கே தெரியும்?

ஆனால் 91 என்பது ஒருவன் படித்து வாங்கிய மார்க். 14 என்பது காய்ச்சல். இரண்டையும் ஒன்றாக வைத்து வாதாடுவது எனக்கே கொஞ்சம் வழக்கறிஞர்த்தனமாகப் படுகிறது.

பர்சென்டைலில் இந்தத் தொல்லை இல்லை. 14-ஐ எடுத்தால் அவள் 97.5-லிருந்து 97.4 ஆகிறாள், அவ்வளவுதான். மேடம் அதைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்கிறார். ஆனால் அவரிடம் நான் கேட்பது இதுதான்: அவள் 62-க்குப் பதில் 56 வாங்கியிருந்தால்? அப்போதும் 97.5 தான். 95 வாங்கியிருந்தால்? அப்போதும் 97.5. எவ்வளவு முன்னால் இருந்தாள் என்பதை அந்தக் கணக்கு தூக்கிப் போட்டுவிடுகிறது. வரிசையை மட்டும் வைத்துக்கொள்கிறது. இருபது பேரில் ஒரு படி என்பது 5 புள்ளி, ஐம்பதில் 2 புள்ளி. இரண்டு ஏணிக்கும் படி இடைவெளியே வேறு. தனக்குச் சமமாகவோ கீழேயோ எடுத்தவர்களை எண்ணும் வேறு சூத்திரத்தில் போட்டால் அவளுக்கு 100, முதல் தேர்வின் 91-க்கும் 100. சூத்திரத்தை மாற்றினால் முதலிடம் ஒருவருக்கா இருவருக்கா என்பதே மாறுகிறது.

ஜேஇஇ மெயினில் 2019 முதல் அந்தச் சூத்திரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏழு தசம இடம் வரைக்கும் போடுகிறார்கள். அங்கே ஒரு ஷிஃப்டில் பல்லாயிரம் பேர் எழுதுவதால் படிகள் மிக நுண்ணியவை. அதைவிட முக்கியம், யார் எந்த ஷிஃப்ட் என்பதைக் கலைத்துப் போட்டுப் பிரிக்கிறார்கள். அதனால் இந்த ஷிஃப்டின் 99-ம் அந்த ஷிஃப்டின் 99-ம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்ல ஓரளவு முகாந்திரம் இருக்கிறது. எங்கள் இரண்டு குழுவையும் பிரித்தது மழை. தூரத்து ஊரிலிருந்து பஸ் மாறி வருகிறவர்கள், தெருவில் தண்ணீர் நின்றவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாவது தேர்வில். இசட் ஸ்கோரோ பர்சென்டைலோ, இரண்டுமே 'இரு குழுவும் சராசரியில் ஒரே தரம்' என்று நம்மைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்கின்றன. சராசரி 46 ஆனது தாள் கடினம் என்பதாலா, பிள்ளைகள் சுமார் என்பதாலா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அலுவலகத்திலிருந்து பிளஸ் டூ கணித மார்க்கை வாங்கிப் பார்த்தேன். இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது எனக்குத் தைரியம் தந்ததா, என் வேலையை இன்னும் சிக்கலாக்கியதா என்று சொல்ல முடியவில்லை. குழுக்கள் சமம் என்றால் அந்தப் பெண்ணின் வாதம்தான் பலமாகிறது.

இந்த வருஷம் விதியை எழுதச் சொல்லி மறுபடி என்னிடமே தந்திருக்கிறார்கள். இரண்டாவது தாள் வைக்க நேர்ந்தால், இரண்டு தாளிலும் பத்துக் கேள்விகள் பொதுவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தில் இரு குழுவும் எப்படிச் செய்தன என்று பார்த்தால், தாள் கடினமா, குழு பலவீனமா என்று கொஞ்சமாவது பிரிக்கலாம். கேள்வி வெளியே கசிந்தால் அதுவும் வீண், முதல் வாரம் எழுதியவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள் என்கிறார் மேடம். அதுவும் சரி.

அடுத்த வரியாக, பாதி நேரத்துக்குக் குறைவாக எழுதியவரின் மார்க்கைச் சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் சேர்க்கக் கூடாது என்று போட்டிருந்தேன். கல்லூரி முதல்வர் அதை அடிக்கோடிட்டு, "போன வருஷம் இது இருந்திருந்தா லிஸ்ட் மாறியிருக்குமா?" என்று பென்சிலில் எழுதி அனுப்பியிருக்கிறார். மாறியிருக்கும் என்று எழுதினால், சலுகை வாங்கிப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பையனின் இடம் கேள்விக்குள்ளாகும். அவன் என் வகுப்பில்தான் இருக்கிறான், நன்றாகவும் படிக்கிறான். கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கேட்பார்கள்.