தம்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் எதை முதலில் சரிசெய்தோம்

சித்தி மகன் தன் கிரெடிட் ஸ்கோரைக் காட்டும் செயலியிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். ஒருவர் கடனை எப்படிக் கட்டுகிறார் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண் அது. அரைவட்டத்துக்குள் 648 என்ற எண், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘Enquiries: 4’. “அக்கா, கடன் கேட்டு நாலு இடத்துல விண்ணப்பிச்சதாலதான் ஸ்கோர் விழுந்துருச்சு போல. இதை எப்படி அழிக்கிறது?” என்று கேட்டிருந்தான்.

முதலில் நானும் அந்தச் சிவப்பைத்தான் பார்த்தேன். ஆனால் செயலியின் முகப்புப் படத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அங்கே எது சிவப்பாகத் தெரிகிறதோ அதுதான் பெரிய காரணம் என்று எந்த உறுதியும் இல்லை. ஸ்கோர் கணக்கிடும் நிறுவனங்களில் பழையதான FICO தன் கணக்கின் பங்குகளை வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிய விண்ணப்பங்களுக்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10. மற்ற நிறுவனங்களின் எண்கள் மாறலாம். ஆனாலும் முதல் இரண்டும்தான் கனமானவை என்பது பொதுவாகப் பொருந்தும். அதனால், ஒவ்வொரு கணக்கின் விவரப் பக்கத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அடையாள எண், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் மறைத்துவிட்டு அனுப்பு என்றும் சொன்னேன். முதல் படத்தில் அவை எல்லாமே அப்படியே தெரிந்தன.

அவனிடம் இரண்டு கிரெடிட் கார்டுகள் இருந்தன. தினமும் தேய்க்கும் கார்டின் லிமிட் 60,000, கிரெடிட் ரிப்போர்ட்டில் பாக்கி 54,600. இன்னொன்று பல வருடங்களாகத் தொடாத பழைய கார்டு, லிமிட் 90,000. அந்தப் பழைய கார்டின் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. ‘Amount Overdue’ என்ற இடத்தில் 1,240. அதன் கீழே மாதவாரிக் கட்டங்களில், ‘DPD’ என்ற தலைப்பில், வரிசையாக 000, 000, 000. கடைசி இரண்டு கட்டங்களில் மட்டும் 31, 61.

DPD என்பது கட்ட வேண்டிய தேதி தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கு. 000 என்றால் தாமதம் இல்லை. அந்தக் கார்டையே தொடவில்லையே என்று தம்பி திகைத்தான். தேடிப் பார்த்ததில் அது 450 ஆண்டுக் கட்டணம். பில் அவன் இப்போது பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. கட்டாததால் தாமதக் கட்டணம் ஏறி ஏறி 1,240 ஆகியிருக்கிறது. தொகை சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கட்டத்தில் பதிவாவது தொகை இல்லை, நாட்கள்தான்.

அடுத்து நான் பார்த்தது ‘Date Reported’. அதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. வங்கி அந்தத் தகவலை எந்தத் தேதி நிலவரப்படி அனுப்பியது என்பதை அது சொல்லும். எங்கள் படத்தில் அது 21 நாட்களுக்கு முந்தைய தேதி. அப்படியானால் 61 என்பது பழைய கணக்கு. அன்றைக்கு உண்மையில் 82 நாட்கள் ஆகியிருந்தன. 90 நாள் தாண்டினால் கதை வேறு. வங்கிகளுக்கான சர்வதேசப் பாசல் விதிகளிலேயே, பொதுவாக அந்த எல்லைக்கு மேல் போன கடனைத் தவறிய கடனாகக் கருதுகிறார்கள். எங்களிடம் இருந்தது எட்டே நாள்.

எதை முதலில் சரிசெய்வது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்வி இதுதான்: இன்று தொடாமல் விட்டால் அடுத்த மாதம் எது இன்னும் மோசமாகும்? நான்கு விண்ணப்பங்கள் அப்படியேதான் இருக்கும், அவற்றின் பாதிப்பு நாளாக ஆகத் தானாகவே தேயும். பழைய கார்டின் பாக்கி மட்டும்தான் மாதாமாதம் புதிய கறையைப் பதித்துக்கொண்டிருந்தது.

அன்றே வங்கிக்குப் பேசச் சொன்னேன். அதற்குள் தொகை 1,870 ஆகியிருந்தது. வங்கியில் பேசியவர், 900 கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். “இதை எப்படிப் பதிவு செய்வீர்கள்?” என்று கேட்டபோது ‘Settled’ என்று வரும் என்றார்கள். முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்த கணக்கு என்று பொருள். அடுத்து கடன் கொடுப்பவர் கண்ணில் அது பல வருடம் நிற்கும். தாமதக் கட்டணத்தை வங்கியே தள்ளுபடி செய்து, கணக்கை வழக்கமான நிலையில் வைத்திருப்பதாக எழுத்தில் கொடுத்தால் அது வேறு. அதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1,870ஐயும் கட்டி ரசீதை வைத்துக்கொண்டோம்.

எரிச்சலில் தம்பி அந்தக் கார்டையே மூடிவிடப் போனான். வேண்டாம் என்று தடுத்தேன். இரண்டு கார்டும் சேர்த்து லிமிட் 1,50,000, பாக்கி ஏறத்தாழ 56,000. லிமிட்டில் எத்தனை பங்கு பாக்கியாக நிற்கிறது என்பதைத்தான் பயன்பாடு என்கிறார்கள், மொத்தத்தில் அது 37 சதவீதம். பழையதை மூடினால் லிமிட் 60,000 ஆகச் சுருங்கும், பயன்பாடு ஒரேயடியாக 91 சதவீதத்துக்குப் போகும். ஆண்டுக் கட்டணம் இல்லாத வகைக்கு மாற்றித் தரக் கேட்டோம், அதற்கு மட்டும் சரி என்றார்கள்.

அப்புறம்தான் அந்த 54,600. “நான் மாசாமாசம் முழுசாக் கட்டிடுறேன் அக்கா, ஒரு தடவைகூட வட்டி கட்டினது இல்லை” என்றான். உண்மைதான், அந்தக் கார்டின் கட்டம் முழுக்க 000. ஆனால் வங்கி பாக்கியைப் பெரும்பாலும் பில் போடும் தேதியை ஒட்டித்தான் ரிப்போர்ட்டுக்கு அனுப்புகிறது. அவனுக்கு பில் விழுவது 12ஆம் தேதி, கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 2ஆம் தேதி. அவன் 1ஆம் தேதி கட்டுவான். அதற்கு வெகு முன்பே, 12ஆம் தேதியின் 54,600 ரிப்போர்ட்டுக்குப் போயிருக்கும். ஒழுங்காகக் கட்டுகிறவன், லிமிட்டின் விளிம்பில் வாழ்கிறவனைப் போல அதில் தெரிந்தான்.

இதற்கு மருந்து எளிது. செலவைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை, கட்டும் நாளை மாற்றினால் போதும். அடுத்த மாதம் 10ஆம் தேதியே 48,600 கட்டினான். பில்லில் 6,000 மட்டும் நின்றது, அந்தக் கார்டில் 10 சதவீதம், மொத்தத்தில் 4. பெரும்பாலான ஸ்கோர் முறைகள் பயன்பாட்டை அந்த மாத நிலவரப்படிதான் பார்க்கின்றன, பழைய உயரத்தை நினைவில் வைப்பதில்லை. சில புதிய முறைகள் மட்டும் கடந்த மாதங்களின் போக்கையும் கணக்கில் எடுக்கின்றன. தாமதக் கட்டத்தை நாம் மாற்ற முடியாது, இதை ஒரே மாதத்தில் மாற்றலாம் என்பதால்தான் இரண்டாவது வேலையாக வைத்தேன்.

அவன் பயந்த நான்கு விண்ணப்பங்களும் அவனே போட்டவைதான். முதல் இடத்தில் மறுத்ததும் ஐந்து வாரத்துக்குள் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறான். உண்மையான பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. தெரியாத பெயர் இருந்திருந்தால் புகார் கொடுத்திருப்போம். இனி கொஞ்ச காலம் எங்கும் விண்ணப்பிக்காதே என்பது மட்டும்தான் நான் சொன்னது. தன் ரிப்போர்ட்டைத் தானே பார்த்தால் ஸ்கோர் குறையுமோ என்று பயந்து செயலியைத் திறக்காமலே இருந்தான். அது குறைக்காது.

இரண்டு மாதம் கழித்து வந்த படத்தில் 697. பழைய கார்டில் பாக்கி 0, கடைசிக் கட்டங்கள் 000. நடுவில் அந்த 31, 61 இரண்டும் அப்படியே நிற்கின்றன. அவை சரியான பதிவுகள், காலம்தான் பின்னுக்குத் தள்ள வேண்டும். தம்பி பழைய மின்னஞ்சலை மாற்றிவிட்டான். கடன் விண்ணப்பத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறான்.