டிசிஎஸ் பைபேக் 2023: டெண்டர் கொடுத்தது முதல் பங்குகள் அழிந்தது வரை

தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிய 2023 டிசம்பர் பைபேக்கில் டிசிஎஸ் கொடுத்த விலை பங்குக்கு ₹4,150. யாருக்கு உரிமை என்று முடிவாகும் ரெக்கார்டு தேதியையொட்டி சந்தை விலை சுமார் ₹3,450. பார்த்தவுடன் 20% லாபம் போலத் தெரியும், ஆனால் கைக்கு வருவது அதுவல்ல.

நவம்பர் 25 ரெக்கார்டு தேதி, அது சனிக்கிழமை. வாங்கிய பங்கு மறுநாள்தான் டீமேட்டுக்கு வரும் என்பதால் வியாழன் 23-க்குள் வாங்கியிருக்க வேண்டும். வெள்ளியன்று வாங்கியவர்களுக்கு உரிமை கிடைக்கவில்லை. அன்றைய மதிப்பில் ₹2 லட்சத்துக்கு மிகாமல் வைத்திருந்தவர் சிறு முதலீட்டாளர். அவர்களுக்கென்று 15% ஒதுக்கீடு உண்டு. அந்த விலையில் 57 பங்கு வரை சரி, இன்னும் ஓரிரண்டு கூடினால் பொதுப்பிரிவுக்குப் போய்விடும். சிறு பிரிவில் 6 பங்குக்கு 1, பொதுப்பிரிவில் 209-க்கு 2 தான் உறுதியாக ஏற்கப்படும் என்பதால் இந்த எல்லையைக் கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு.

பங்குகளை நிறுவனத்திடம் கொடுக்க முன்வரும் டெண்டர் டிசம்பர் 1 முதல் 7 வரை திறந்திருந்தது. புரோக்கர் செயலியில் எண்ணிக்கையைப் போட்டதோடு வேலை முடியாது. டெபாசிட்டரியிலிருந்து வரும் ஓடிபியையும் கொடுத்தால்தான் பங்குகள் பிடித்துவைக்கப்படும். பல புரோக்கர்கள் கடைசி நாளுக்கு முன்பே ஏற்பதை நிறுத்திவிடுவார்கள். உரிமைக்கு மேலும் கொடுக்கலாம்: மற்றவர்கள் கொடுக்காத இடம் நமக்கு வரும், ஏற்கப்படாதவை திரும்பிவிடும். ஆகவே 57 வைத்திருந்தவர் 57-ஐயும் கொடுப்பதே நல்லது. உரிமைப்படி உறுதியானது 9 பங்குதான். ஒன்றுக்கு ₹700 வீதம் ₹6,300, மொத்த முதலீட்டில் 3% சொச்சம். அப்போது வரியை நிறுவனமே கட்டியது. 2024 அக்டோபரிலிருந்து விதி மாறியதால் பழைய கணக்கை இனி அப்படியே போடக் கூடாது.

வாங்கியவை 4.09 கோடிப் பங்குகள், செலவு ₹17,000 கோடி. அவை நிறுவனத்தின் கையிருப்பாக இருக்க முடியாது. கம்பெனிகள் சட்டம் 68-ஆம் பிரிவின்படி, பைபேக் முடிந்த 7 நாளுக்குள் அழித்துவிட வேண்டும். பங்கு எண்ணிக்கை 365.9 கோடியிலிருந்து 361.8 கோடியானது, அதாவது 1.1% குறைவு. லாபம் மாறாவிட்டால் ஒரு பங்கின் லாபமும் ஏறக்குறைய அவ்வளவே உயரும்.

சொத்திலிருந்து கடன்கள் போக மிஞ்சும் நிகர மதிப்பின் கதை வேறு. 2023 மார்ச்சில் அது சுமார் ₹90,400 கோடி. பைபேக் தொகையோடு சுமார் ₹4,000 கோடி வரியும் சேர்ந்தால், அந்தக் கணக்கில் ₹21,000 கோடி, கிட்டத்தட்ட கால்வாசி, குறைகிறது. 1.1% பங்குக்கு இவ்வளவு ஏன்? நிகர மதிப்பைப் பங்குகளால் வகுத்த புத்தக மதிப்பில் பங்கு ஒன்றுக்கு ₹250-க்கும் குறைவு, கொடுத்ததோ ₹4,150. பிரீமியத்தைச் சந்தை விலையோடு மட்டும் ஒப்பிடுபவர் இதைக் காண மாட்டார்.

டிசிஎஸ்ஸுக்கு அப்போது வங்கிக் கடன் இல்லை; சுமார் ₹7,700 கோடி குத்தகைப் பொறுப்பு மட்டும். இடையில் வரும் லாபத்தைச் சேர்க்காமல் பார்த்தால், நிகர மதிப்போடு அதன் விகிதம் 0.085-இலிருந்து 0.11 ஆகிறது. தாங்கக்கூடியதே. இதே அளவு பைபேக்கை, நிகர மதிப்புக்குச் சமமான கடன் உள்ள நிறுவனம் செய்தால் ஒரு ரூபாய் புதுக் கடன் வாங்காமலே விகிதம் 1-இலிருந்து 1.3 ஆகிவிடும். சட்டம் 2 வரை அனுமதிக்கிறது, ஆனால் கடன் கொடுத்த வங்கியின் ஒப்பந்த வரம்பு பெரும்பாலும் அதற்கு முன்பே குறுக்கே வரும்.