முதல் அப்பீல் தள்ளுபடியான பிறகு வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதிய அனுபவம்

குலசேகரத்தில் அப்பாவுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. 2016 நவம்பரில் பழைய நோட்டுகளை வங்கியில் போட்டதில் 5,60,000 ரூபாய்க்குக் கணக்கு இல்லை என்று சொல்லி, வருமானவரி அதிகாரி 69ஏ பிரிவில் வருமானமாகச் சேர்த்துவிட்டார். அந்தத் தொகைக்கு மட்டும் வரி 77.25 சதவீதம், அதாவது 4,32,600 ரூபாய். வட்டி தனி. முதல் அப்பீலில் வந்த நோட்டீஸ்கள் எல்லாம் பழைய கணக்கரின் மின்னஞ்சலுக்குப் போயின. பதில் வரவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, ஆணையர் (மேல்முறையீடு) தள்ளுபடி செய்தார்.

அந்த உத்தரவு எங்கள் கைக்கு வந்தது 2025 ஜனவரி 20. ஆடிட்டர் முதலில் பார்த்தது அந்தத் தேதியைத்தான். தீர்ப்பாயத்துக்குப் போகும் கெடு முன்பு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 60 நாள் என்று இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல், உத்தரவு கிடைத்த மாதத்தின் கடைசியிலிருந்து இரண்டு மாதம். எங்களுக்குக் கெடு மார்ச் 31. அதைத் தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் தீர்ப்பாயத்தின் விருப்பம்.

மனு என்பது படிவம் 36. அதில் உயிர்நாடி 'மேல்முறையீட்டுக் காரணங்கள்' என்ற பகுதிதான். வங்கியில் நின்ற வரிசை, தோட்டக்காரர்கள் ரொக்கம் கேட்டது என்று அப்பா நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். ஆடிட்டர் அதை எடுத்து ஓரமாக வைத்தார். "இது நடந்த கதை, அண்ணாச்சி. தனியா வேற தாளில் போகும். காரணம்னா சுருக்கமா, நம்பர் போட்டு, வாதமே இல்லாம இருக்கணும். அதான் தீர்ப்பாய விதி." முதல் காரணத்தை அவர் இப்படி எழுதினார்:

"250(6) பிரிவு கோரும்படி, தீர்மானிக்க வேண்டிய விஷயங்களையும் அவற்றுக்கான காரணங்களையும் சொல்லாமல், ஆஜராகாததை மட்டும் வைத்து மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது சட்டப்படி தவறு."

இரண்டாவது, ரொக்கம் விற்பனையில் வந்தது என்பது. இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் தொகையைப் பற்றிய கேள்வி மனுவிலேயே இருக்காது. மனுவில் எழுதாத காரணத்தைப் பிறகு பேச வேண்டுமானால் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். விற்பனைப் புத்தகத்தை அதிகாரியிடமோ ஆணையரிடமோ காட்டியிருக்கவில்லை. புதுச் சான்றைச் சும்மா இணைத்துவிட முடியாது என்பதால், ஏற்கும்படி கேட்டு ஒரு மனுவும் சேர்த்தோம்.

எங்கள் வழக்குக்குக் கட்டணம், அதிகாரி நிர்ணயித்த மொத்த வருமானத்தில் 1 சதவீதம், உச்சம் 10,000. அந்த வருமானம் 8,40,000 என்பதால் 8,400. அப்பாவே கையெழுத்திட, இரண்டு உத்தரவுகளின் நகல்களோடு சென்னை அமர்வுக்குக் கெடுவுக்குள் தாக்கல் செய்தோம்.

தீர்ப்பாயம் ஆணையரின் உத்தரவை ரத்து செய்து, புத்தகத்தைப் பார்த்து மறுபடி முடிவெடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. இந்தமுறை நோட்டீஸ் வரும் மின்னஞ்சல் என்னுடையது.