வேலூர்ப் பாடத்தைச் சொந்த நடையில் எழுதச் சொன்னபோது

"மனப்பாடம் செய்ய வேண்டாம், சொந்த நடையில் எழுதிட்டு வாங்க" என்று வகுப்பில் சொல்வது எளிது. அப்படிச் சொன்ன பிறகு வரும் நோட்டுகளைத் திருத்த உட்காரும்போதுதான், சமூக அறிவியல் ஆசிரியருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளையின் விடையில் பாதி விட்டுப் போயிருக்கும், ஆனால் இருக்கிற பாதி சரியாக இருக்கும். சொந்த நடையில் எழுதிய பிள்ளையின் விடை முழுசாக, கோர்வையாக, படிக்கவே நன்றாக இருக்கும். வரலாறுதான் வேறொன்றாகியிருக்கும்.

பத்தாம் வகுப்பில் 1806 வேலூர்ப் புரட்சியை நடத்தும்போது இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்தப் பாடத்தின் சாரத்தை வகுப்புக்கு இப்படிக் கொடுப்பேன்:

சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் வந்த புதிய ராணுவ விதிகள் சிப்பாய்களைப் புண்படுத்தின. நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி கத்தரிக்க வேண்டும் என்று அவை கூறின. புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் ஒன்றும் இருந்தது. 1806 மே மாதம் அதை அணிய மறுத்த சிப்பாய்களில் சிலர் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையிலிருந்தும் நீக்கினர். 1799இல் திப்பு சுல்தான் இறந்த பின் அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டைச் சிப்பாய்கள் ஐரோப்பியப் படையினரைத் தாக்கினர். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்த கில்லஸ்பி அன்றே கோட்டையை மீட்டார். திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர், புதிய விதிகள் கைவிடப்பட்டன, கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர்.

இதைப் படித்துவிட்டு, நன்றாகப் படிக்கிற ஒரு பையன் எழுதியது இது:

"பிரிட்டிஷ் அரசு சிப்பாய்களை மாட்டுத்தோலும் பன்றித்தோலும் வைத்த தொப்பியைப் போடச் சொன்னது. மறுத்தவர்கள் அனைவரையும் கசையால் அடித்தார்கள். அதனால் கோபமடைந்த அவர்கள் திப்புவின் மகன்கள் தலைமையில் ஜூலை 10 இரவு கோட்டையைப் பிடித்தார்கள். கில்லஸ்பி வந்து எல்லோரையும் கொன்றார். பெண்டிங் தண்டிக்கப்பட்டார்."

நடையில் ஒரு குறையும் இல்லை, காரணமும் விளைவும் சரசரவென்று ஓடுகின்றன. அந்த ஓட்டத்துக்காகத்தான் தகவல் வளைந்திருக்கிறது என்பதைப் பையனுக்குக் காட்டுவதுதான் என் வேலை, அதற்கு ஒவ்வொரு வாக்கியமாகப் போக வேண்டும்.

மாட்டுத்தோல், பன்றித்தோல் எங்கிருந்து வந்தது? சாரத்தில் "தோல்" என்று மட்டும்தான் இருக்கிறது. மாடும் பன்றியும் அவனுக்கு 1857 கதையிலிருந்து தெரியும்: என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று சிப்பாய்களிடையே பரவிய பேச்சு. சின்ன வகுப்பிலிருந்தே கேட்ட கதை என்பதால், சிப்பாய், தோல், கோபம் என்ற மூன்றும் ஒரு வரியில் வந்ததும் 51 வருடம் கழித்து நடக்கப்போவதை மனம் தானாகவே இங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இந்த வகைப் பிழைதான் பிடிக்கக் கஷ்டமானது, ஏனென்றால் எழுதியவனுக்கு அது பிழையாகவே தோன்றாது, புத்தகத்தில் படித்ததாகவே நம்புவான். "சார், இருந்துச்சு சார்" என்று சத்தியம் செய்வான். பிரிட்டிஷ் அரசு என்பதும் இதே வகைதான். 1806இல் இங்கே ஆண்டது கிழக்கிந்திய கம்பெனி. ஆட்சி நேரடியாக அரசியின் கைக்குப் போனது 1858இல். ஒரு வருடம் ஒரு பெண் "ராணியின் உத்தரவுப்படி" என்றே எழுதியிருந்தாள்.

அடுத்தது "அனைவரையும்". இருவர் என்பது அனைவர் ஆகிவிட்டது. இது எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன்: சுருக்கி எழுதும்போது பிள்ளைகள் முதலில் தூக்கிப் போடுவது "சிலர்", "இருவர்", "பெரும்பாலும்", "ஓரளவு" போன்ற சொற்களைத்தான். அவை இல்லாமலும் வாக்கியம் நிற்கும் என்பதால் அவற்றை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "அதனால் கோபமடைந்த அவர்கள்" என்று எழுதியதும், மே மாதம் சென்னையில் அடிபட்டவர்களும் ஜூலையில் வேலூரில் எழுந்தவர்களும் ஒரே ஆட்களாகிவிட்டார்கள். "அவர்கள்" என்ற ஒரு சொல் இரண்டு கூட்டத்தை ஒன்றாக்கியது. நான் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி எப்போதும் இதுதான்: "இந்த 'அவர்கள்' யாரு?" பதில் சொல்ல அவர்கள் புத்தகத்தைத் தேடினால், அந்த இடத்தில் பெயரையே எழுதச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 10 இரவு என்பது சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் தாக்குதல் தொடங்கியது 10ஆம் தேதி பொழுது விடியும் முன்பு. கில்லஸ்பி வந்ததும் அதே நாள் காலையில். 10ஆம் தேதி இரவு என்று எழுதினால், கோட்டை மீட்கப்பட்ட பிறகு புரட்சி தொடங்கியதாக ஆகிவிடும். அதிகாலையை இரவு என்று பேச்சில் சொல்வது வழக்கம்தான், தேதியோடு சேரும்போதுதான் சிக்கல்.

"திப்புவின் மகன்கள் தலைமையில்" என்பதில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். அவர்கள் கோட்டையில் இருந்தார்கள், கொடி ஏறியது, பின்னால் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த மூன்றும் சாரத்தில் இருக்கின்றன. இவற்றை ஒரு நூலில் கோத்தால் தலைமை என்ற முடிவு இயல்பாக வருகிறது, பையன் அதை எழுதிவிட்டான். ஆனால் அவர்களுக்கு இதில் எவ்வளவு பங்கு இருந்தது என்பதில் வரலாற்று ஆசிரியர்களே ஒரே கருத்தில் இல்லை. புத்தகம் அடுத்தடுத்து வைத்த மூன்று செய்திகளிலிருந்து தானாக ஒரு நான்காவதைச் செய்துவிட்டான். சிந்திக்கிற பிள்ளைகள்தான் இந்தப் பிழையைச் செய்வார்கள், அதனால் அவர்களைத் திட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. உன் ஊகத்தை எழுது, ஆனால் "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று தனியாக எழுது, பாடச் சுருக்கத்துக்குள் கலக்காதே என்று சொல்வேன்.

கில்லஸ்பி எல்லோரையும் கொன்றார் என்பதிலும் அதே "எல்லோரும்". மீட்டபோது ஏராளமானோர் கொல்லப்பட்டது உண்மை. தப்பி ஓடியவர்களும், பிடிபட்டு விசாரணைக்கு உள்ளானவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை.

கடைசியாகப் பெண்டிங். திருப்பி அழைக்கப்பட்டார் என்பதை இவன் தண்டிக்கப்பட்டார் என்று மாற்றினான். தூக்கிலிடப்பட்டார் என்று எழுதிய நோட்டையும் பார்த்திருக்கிறேன். இதனால் என்ன ஆகும் என்றால், வேறொரு பாடத்தில் 1828இல் தலைமை ஆளுநராக வந்து 1829இல் சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்த பெண்டிங்கைப் படிக்கும்போது, இவர் வேறு யாரோ என்று முடிவு செய்துவிடுவார்கள். அதே ஆள்தான். ஒரு வினைச்சொல்லைக் கொஞ்சம் அழுத்தமாக்கியதற்கு இரண்டு பாடம் தள்ளி விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நான் செய்வது என்ன என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. சாரத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடச் சொல்வேன். மூடாமல் எழுதினால் சொல்லுக்குச் சொல் மாற்றுவார்கள், தலைமைத் தளபதி ஆளுநர் ஆவார், தலைப்பாகை தொப்பி ஆகும், வாக்கியத்தின் எலும்பு மட்டும் புத்தகத்துடையதாகவே இருக்கும். மூடியபின் பக்கத்தில் இருப்பவனிடம் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் எழுத வேண்டும். இதுவரை எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான்.

அதன் பிறகு வரும் சரிபார்ப்பில் மட்டும் நான் திசையை மாற்றிவிட்டேன். வழக்கமாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இது நோட்டில் இருக்கிறதா என்று பார்ப்போம். அதில் விட்டுப்போனது தெரியும், கூடுதலாக நுழைந்தது தெரியாது. நான் நோட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். நோட்டின் ஒவ்வொரு வரியையும் எழுதியவன் படிக்க, பக்கத்துப் பையன் புத்தகத்தில் அது இருக்கிற இடத்தில் விரலை வைக்க வேண்டும். விரல் வைக்க இடம் கிடைக்காத சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு. "மாட்டுத்தோல்" என்று படித்தபோது பக்கத்துப் பையன் விரல் பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "எங்கடா இருக்கு?" என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஆறு வரி விடையில் "அனைவரையும்", "தலைமையில்", "இரவு" என்று கோடுகள் வரிசையாக விழுந்தன.

பாடமே புரியாத பிள்ளைக்கு இந்த முறை உதவாது. கம்பெனி என்றால் என்ன, சிப்பாய் யாருடைய சம்பளத்தில் வேலை பார்த்தான் என்பது தெரியாதவனிடம் சொந்த நடை கேட்பதே தவறு. அவனுக்கு முதலில் அதைத்தான் சொல்லித்தர வேண்டும். பெற்றோர் கவலையும் உண்டு: சொந்தமாக எழுதினால் மார்க் போய்விடும், கைடில் இருப்பதை அப்படியே எழுதட்டும் என்பார்கள். விடைக்குறிப்பில் எதிர்பார்ப்பது ஆட்களின் பெயரும் இடமும் தேதியும் முக்கியச் செய்திகளும்தான், அவற்றில் கைவைக்கவே விடுவதில்லை என்று அவர்களிடம் நோட்டைத் திறந்து காட்டுவேன்.

கோடு போட்ட இடங்களைச் சரிசெய்து அதே பையன் மறுநாள் எழுதி வந்தது:

"சிப்பாய்களின் நெற்றிக் குறி, தாடி, மீசை, தலைப்பாகை எல்லாவற்றிலும் கம்பெனிப் படையின் புதிய விதிகள் தலையிட்டன. தோல் சின்னம் வைத்த தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவர் 1806 மே மாதம் கசையடி வாங்கி வேலையையும் இழந்தார்கள். இரண்டு மாதத்தில், ஜூலை 10 விடியும் முன், வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஃபேன்கோர்ட் இறந்தார், திப்புவின் மைசூர்க் கொடி ஏறியது. அன்றே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி வந்து கோட்டையை மீட்டார். கோட்டையில் இருந்த திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கம்பெனி விதிகளைக் கைவிட்டது, கிரடாக்கையும் பெண்டிங்கையும் திரும்ப வரச் சொல்லிவிட்டது."

கீழே ஒரு வரி இடம் விட்டு, "மகன்களுக்குத் தெரிந்துதான் நடந்தது என்று நான் நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தான். அதைத் திருத்தவில்லை, ஓரத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.