40 ஷார்டுல ஒண்ணு லேட்டானா போதும், மொத்த தேடலும் லேட்டு

எங்க ப்ராடக்ட் சர்ச்ல இண்டெக்ஸை 40 ஷார்டா பிரிச்சிருக்கோம், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மெஷின்ல ரெண்டு காப்பி. எந்த ஷார்டோட டாஷ்போர்டைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும், பாதி ரிக்வெஸ்ட் 12 மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சிடும், நூத்துல ஒண்ணுதான் 300ஐத் தாண்டும். ஆனா யூசர் பக்கம் அளந்தா மூணுல ஒரு தேடல் 300க்கு மேல போகுது!

கணக்கு போட்டா அதுதான் வரணும். ஒரு தேடல் 40 ஷார்டுக்கும் போகுது, எல்லா பதிலும் வந்தப்புறம்தான் ரேங்க் பண்ணி அனுப்ப முடியும். நாப்பதும் சீக்கிரமா வர சான்ஸ் `0.99^40`, அதாவது 67 சதவீதம்தான். மிச்சம் 33 சதவீதம் ஏதோ ஒண்ணுகிட்ட மாட்டிக்குது. இதுல சராசரியப் பாக்குறது வீண் வேலை.

அடுத்து, ஒவ்வொரு ஸ்லோ தேடல்லயும் கடைசியா பதில் சொன்ன ஷார்டு எதுன்னு லாக்ல எழுத வச்சோம். பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஷார்டு, ஒரு நேரம் கார்பேஜ் கலெக்‌ஷன்ல நிக்குது, இன்னொரு நேரம் செக்மெண்ட் மெர்ஜ் டிஸ்க்கைப் பிடிச்சிருக்கு. இந்த மாதிரி மாறி மாறி வந்தாதான் ஹெட்ஜிங் வேலை செய்யும்.

ஹெட்ஜிங்னா இதுதான்: ஒரு காப்பிகிட்ட கேட்டுட்டு 25 மில்லிசெகண்ட் காத்திருப்போம், அதுக்குள்ள பதில் வரலைன்னா அதே கேள்விய இன்னொரு காப்பிக்கும் அனுப்பிடுவோம், எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கிட்டு மத்ததை கேன்சல். எங்க ஷார்டுல 95 சதவீதம் ரிக்வெஸ்ட் 25க்குள்ள முடியும், அதனால கூடுதல் லோடு 5 சதவீதம்தான். முதல் காப்பி நின்னாலும் பதில் 40 சொச்சத்துல வந்துடுது. கூகுள் இன்ஜினியர்கள் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013ல எழுதின கட்டுரைல, 100 சர்வர்ல பரவிக் கிடக்குற 1000 கீயைப் படிக்கிற டெஸ்ட்ல 10 மில்லிசெகண்ட் ஹெட்ஜ் வச்சதும் 99.9வது பெர்சண்டைல் 1800ல இருந்து 74 மில்லிசெகண்டுக்கு இறங்கிச்சுன்னு சொல்லியிருக்காங்க, கூடுதல் ரிக்வெஸ்ட் 2 சதவீதம்தான்.

ஆனா லிமிட் வைக்காம விடாதீங்க. ட்ராஃபிக் ஏறி க்ளஸ்டர் முழுக்க ஸ்லோவானா எல்லா ரிக்வெஸ்டும் 25ஐத் தாண்டும், அப்போ எல்லாத்துக்கும் ரெண்டாவது காப்பி போய் லோடு டபுள் ஆகிடும், மூச்சுத் திணறுறவன் நெஞ்சுல ஏறி உக்காந்த மாதிரி. ஹெட்ஜ் மொத்த ரிக்வெஸ்ட்ல 5 சதவீதத்தைத் தாண்டினா அப்படியே நிறுத்திடுற மாதிரி வச்சிருக்கோம்.

இவ்வளவும் பண்ணியும் ஒரே ஒரு ஷார்டு பேரு மட்டும் லாக்ல திரும்பத் திரும்ப வந்துச்சு. மொபைல் கவர் கேட்டகரி மொத்தமும் அதுக்குள்ள குவிஞ்சிருந்துச்சு, ரெண்டு காப்பிலயும் அதே பாரம்தானே, யாருகிட்ட கேட்டாலும் லேட்டுதான். அதுக்கு ஹெட்ஜிங் உதவாது, அந்த கேட்டகரியை ப்ராடக்ட் ஐடி ஹாஷ் வச்சு எல்லா ஷார்டுக்கும் பரப்பி ரீஇண்டெக்ஸ் பண்ணப்புறம்தான் அந்த பேரு லாக்ல வர்றது நின்னுச்சு.