மறுநாள் வந்த கேள்வி

"வேறுபாடெல்லாம் வேண்டாம் சார், ஒற்றுமையை மட்டும் பேசுங்க" என்றார் மேடைக்கு அழைத்துப் போனவர்.

சர்வ சமயக் கருத்தரங்கில் தொடக்க உரை என்னுடையது. இன்றைய எத்தியோப்பியப் பகுதியான அபிசீனியாவில் நடந்ததைச் சொன்னேன்.

கி.பி. 615 வாக்கில், மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் சிலர் கடல் கடந்து, கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம் அடைக்கலம் தேடினார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி, மக்காவின் குறைஷி குலத்தாருடைய தூதர்களும் பின்னாலேயே போனார்கள்.

அடைக்கலம் தேடியவர்களில் ஒருவரான ஜஅஃபர் எழுந்து குர்ஆனின் மர்யம் அத்தியாயத்திலிருந்து ஓதினார். தாடி நனையும்வரை மன்னர் அழுதார் என்கிறது இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாறு.

நாம் பெரும்பாலும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறோம்.

மறுநாள் தூதர் அம்ர் திரும்பவும் வந்தார். ஈசாவை, அதாவது இயேசுவைப் பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்றார்.

ஜஅஃபர் மழுப்பியிருக்கலாம். பதில் பிசகினால் எல்லோரையும் மக்காவுக்கே அனுப்பிவிடுவார்கள்.

ஈசா இறைவனின் அடியார், தூதர், கன்னி மர்யமிடம் சேர்ப்பித்த இறைவாக்கு என்றார் ஜஅஃபர். இறைமகன் என்று சொல்லவில்லை.

அவையினர் முணுமுணுத்தார்கள். மன்னர் அடைக்கலத்தை உறுதி செய்தார்.

அப்புறம், கருத்தரங்கின் மதிய அமர்வைச் சிலுவையிலிருந்தே தொடங்கினோம். இயேசுவின் சிலுவை மரணத்தில்தான் கிறிஸ்தவரின் மீட்பு நிற்கிறது. குர்ஆன் 4:157 அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது. இதை ஃபாதரும் இமாமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். கேள்விகள் மாலைவரை ஓயவில்லை.